எட்டேகால் மணிக் குறிப்பேடு

எங்கள் பங்கு ஆலயத்தின் கடிகாரம் மணிக்கொரு முறை அடிக்கும். பகலில் அதன் ஓசை எவர் காதிலும் விழுவதில்லை. ஆனால் 2022-ம் ஆண்டின் தவக்காலம் தொடங்கி அக்டோபர் மாதம் வரை, இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நான்கு வரை அது அடித்த ஒவ்வோர் அடியையும் நான் எண்ணியிருக்கிறேன். கணித ஆசிரியன் அல்லவா, எண்ணுவதை நிறுத்தவும் தெரியவில்லை.

கவலைகள் புதியவையல்ல, எல்லாக் குடும்பத்திலும் உள்ளவைதாம். வளைகுடாவில் வேலை செய்யும் மகனுக்கு மூன்று மாதங்களாகச் சம்பளம் வரவில்லை. பங்குப் பேரவையின் பொருளாளர் என்ற முறையில் திருவிழாக் கணக்கை நான் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒரு தொகை இடித்தது. இவற்றுக்கெல்லாம் அடியில், நான் பெயர் சொல்லி நினைக்கவும் விரும்பாத ஒன்று கிடந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். பகலில் இவை வரிசையாக வரும். ஒன்றை விலக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். விளக்கை அணைத்துப் படுத்தவுடனேயே அனைத்தும் ஒன்றாகக் கூடிவிடும். மகனின் வாடகையில் தொடங்கும் எண்ணம் பந்தல்காரரின் ரசீதில் போய் முட்டி, மீண்டும் வாடகைக்கே திரும்பும். எதுவும் முடிவுக்கு வராது, எதுவும் விலகவும் செய்யாது.

படுத்துக்கொண்டே செபமாலை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் மறையுண்மையிலேயே மனம் வேறெங்கோ போய்விடும். பின்னர், செபமாலையைத் தூக்க மருந்தாக்கிவிட்டேனே என்ற குற்ற உணர்வு புதிய கவலையாகச் சேர்ந்துகொள்ளும். மனைவி எழுந்து, "இன்னும் தூங்கலையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பிறகு வந்துகொண்டிருந்த சிறு தூக்கமும் போய்விடும்.

எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவர் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இயற்கணிதம் பயின்றவர். வேறொருவரைப் பார்க்கச் சென்றபோது அவரைச் சந்தித்தேன். என் கண்களைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"சார், எத்தனை நாளாகத் தூக்கமில்லை?"

"ஆறேழு மாதம் இருக்கும் சிஸ்டர்."

"படுத்தால் தூக்கம் வரவில்லையா, நடுவில் விழிப்பு வருகிறதா?"

படுத்தவுடன் வருவதில்லை என்றேன். குறட்டை உண்டா, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொன்னதுண்டா, கால்களில் ஊரல் போன்ற உணர்வும் அவற்றை அசைக்கவேண்டும் என்ற உந்துதலும் உண்டா, மாலையில் காப்பி எத்தனை தம்ளர், வாழ்வில் விருப்பமே அற்றுப்போனதாகத் தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றுள் எதற்கேனும் ஆம் என்று சொல்லியிருந்தால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன், காகிதத்தைக் கையில் கொடுத்திருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னார். மாலை ஆறு மணிக் காப்பியை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னார். அதன்பின், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதை முழுதும் கேளாமலேயே, நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன். அன்றிரவே கட்டிலில் சாய்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கங்கள் எழுதினேன். ஏன் இப்படி ஆயிற்று, யார் செய்த தவறு, நான் எங்கே பிழைத்தேன் என்று எழுத எழுத நெஞ்சு கனத்தது. விளக்கை அணைத்தபோது மணி பன்னிரண்டரை. இரண்டு அடித்ததும் கேட்டது. ஐந்து நாள்கள் அவ்வாறே எழுதிவிட்டு, "சிஸ்டர், நீங்கள் சொன்ன மருந்து நோயைக் கூட்டிவிட்டது" என்று தொலைபேசியில் முறையிட்டேன்.

அவர் சிரித்தார். "சார், நான் வகுப்பில் கேள்வியை முழுதும் படிக்காமல் விடை எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

உள்ளத்துத் துயரங்களை ஆழ்ந்து எழுதுவது என்பது தனியான ஒரு முறை. 1980-களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் அதை ஆராய்ந்தார். சில நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போல எழுதுவதே அவர் முறை. காலப்போக்கில் அதனால் நன்மை பெற்றோர் உண்டு. ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் மனம் முன்னைவிடக் கலங்கியிருப்பதே இயல்பு. தூங்கப் போகுமுன் அதைச் செய்வது, கலங்கிய நீரைக் குடத்தில் ஊற்றிவிட்டுத் தெளிந்த நீரை எதிர்பார்ப்பது போன்றது. தூக்கத்திற்கென்று சொல்லப்படும் முறை வேறு. அது குறுகியது, உணர்ச்சியற்றது, ஏறக்குறைய கணக்கு எழுதுவது போன்றது. கனடாவைச் சேர்ந்த கொலின் கார்னியும் அமெரிக்கரான வில்லியம் வாட்டர்ஸும் தூக்கமின்மையால் வருந்திய கல்லூரி மாணவரிடம் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். படுக்கையில் ஏற்படும் மனப்பரபரப்பு அதனால் தணிந்ததாகக் கண்டார்கள்.

அருட்சகோதரி சொன்ன முறையை, இம்முறை கேள்வியை முழுதும் படித்தே, எழுதிக்கொண்டேன். படுக்கைக்குச் செல்வதற்குக் குறைந்தது ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாக எழுத வேண்டும். நான் பத்தரைக்குப் படுப்பவன். ஆகவே இரவு உணவு முடிந்து 8.15 மணி என்று வைத்துக்கொண்டோம். கட்டிலில் அல்ல, சாப்பாட்டு மேசையில். பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம், இன்றிரவு என்னை விழித்திருக்கச் செய்யக்கூடியது எதுவோ அதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். மூன்று போதும், ஐந்துக்கு மேல் கூடாது. வலப்பக்கம், அதற்கு நான் செய்யக்கூடிய அடுத்த ஒரே ஒரு செயல். தீர்வு அன்று, அடுத்த செயல் மட்டுமே. எந்த நாள், எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். செய்யத்தக்கது எதுவுமே இல்லையென்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும், வெற்றாக விடக்கூடாது. பிறகு நோட்டை மூடி வேறோர் அறையில் வைத்துவிட வேண்டும். படுக்கையில் அதே கவலை மீண்டும் தலைகாட்டினால், "எழுதியாயிற்று, நாளை எட்டேகாலுக்குப் பார்ப்போம்" என்று அதனிடம் சொல்ல வேண்டும். வாதாடக் கூடாது; சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும்.

இவ்வளவுதான். இதனால் தூக்கம் ஏன் வரவேண்டும் என்று நான் கேட்டேன். மனம் ஒன்றை மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தால்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறது. பாதுகாப்பான ஓரிடத்தில் அது இருக்கிறது, அதைக் கவனிக்க ஒரு நேரமும் உண்டு என்று தெரிந்தால் சொல்லிப் பார்ப்பதைத் தளர்த்துகிறது என்றார். கடைக்குப் போகும் பிள்ளை வழியெல்லாம் "அரைக்கிலோ பருப்பு, கால்கிலோ புளி" என்று முணுமுணுத்துக்கொண்டே போவதையும், கையில் சீட்டு இருந்தால் விளையாடிக்கொண்டே போவதையும் நான் நினைத்துக்கொண்டேன்.

2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றையும் அவர் விளக்கினார். 57 இளைஞர்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்கினார்கள். உறங்குமுன் ஐந்து நிமிடம், பாதிப்பேர் வரும் நாள்களில் செய்யவேண்டியவற்றை எழுதினர். மற்றவர் முடித்துவிட்ட செயல்களை எழுதினர். அவர்கள் எப்போது உறங்கினார்கள் என்பதைத் தலையில் பொருத்திய கருவிகள் அளந்தன. செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கிவிட்டனர். அவர்களுக்குள்ளும், பட்டியலை எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு விரைவில் உறங்கினார்கள். 9 நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். அவர்கள் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள், அதுவும் ஒரே ஓர் இரவு; ஆண்டுக்கணக்காகத் தூக்கமிழந்தவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆனால் குறிப்பாக எழுதியவர் விரைந்து உறங்கினார் என்ற செய்தி எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஏனெனில் என் முதல் பக்கங்கள் குறிப்பற்றவையாய் இருந்தன. இடப்பக்கம் "மகன்" என்று எழுதியிருந்தேன், வலப்பக்கம் "கடவுள் பார்த்துக்கொள்வார்." அதைப் பார்த்த அருட்சகோதரி, "கடவுள் பார்த்துக்கொள்வார் சார், அதில் ஐயமில்லை. ஆனால் இதில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதச் சொன்னேன்" என்றார். 2022 அக்டோபர் 12, புதன்கிழமைப் பக்கத்தை அவர் முன்னிலையிலேயே திருத்தி எழுதினேன். அது இப்போதும் என்னிடம் உள்ளது.

"மகன்" என்ற ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தது. முதலாவது: மகன் இந்த மாத வாடகையைக் கட்ட முடியாமல் திண்டாடுவானோ? அதற்கு நேராக: வெள்ளிக்கிழமை அவனுக்கு ஓய்வு நாள், மாலை 4 மணிக்கு அழைத்து, வாடகைக்கு எவ்வளவு தேவை என்று மட்டும் கேட்பது. இரண்டாவது: கம்பெனி பழைய சம்பளத்தைத் தருமா? அதற்கு நேராக: இது என் கையில் இல்லை, இன்று நான் செய்யத்தக்கது ஒன்றுமில்லை, இரவுச் செபத்தில் ஒப்படைக்கிறேன். அதே "கடவுள் பார்த்துக்கொள்வார்" தான். ஆனால் என் பங்கைப் பிரித்து எடுத்தபின் எழுதியபோது, அது நழுவலாக இல்லாமல் செபமாக இருந்தது.

மூன்றாவது: திருவிழாக் கணக்கில் 4,350 ரூபாய் இடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்வேன்? அதற்கு நேராக: நாளை மாலை 5 மணிக்குப் பந்தல்காரரிடம் ரசீதின் நகல் கேட்பது, கிடைக்காவிட்டால் சனிக்கிழமையே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுவது. மறுநாள் மாலை சென்றேன். நகல் கிடைத்தது, தொகையில் ஒரு பகுதிக்கு அதுவே விளக்கமாயிற்று. மீதியைச் சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட அதற்காகச் செலவிடவில்லை. நானோ நாற்பது இரவுகளைச் செலவிட்டிருந்தேன்.

இம்முறையை மேற்கொள்ளும் கத்தோலிக்கருக்கு ஓர் இடர் உண்டு. நானும் அதில் விழுந்தேன். இரவில் நோட்டை எடுத்தால் நம் கை தானாகவே ஆன்ம சோதனையை எழுதத் தொடங்கிவிடுகிறது. புனித லொயோலா இஞ்ஞாசியார் ஆன்மிகப் பயிற்சிகளில் குறிப்பிட்ட ஆன்ம சோதனைக்காகக் கோடுகளை வரைந்து, ஒரு குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் காகிதத்தில் செய்யும் பயிற்சிதான். ஆயினும் அது நடந்ததைப் பார்ப்பது. நான் சொல்லும் பக்கமோ நடக்கவேண்டியதைப் பார்ப்பது. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், செய்யவேண்டியது செய்யாத குற்றமாகத் தோன்றும். அடுத்த செயல் என்ற இடத்தில் "நான் தகுதியற்றவன்" என்று எழுதிக்கொண்டிருப்போம். அருட்சகோதரியின் அறிவுரைப்படி, ஆன்ம சோதனையை நோட்டின்றி, குடும்பச் செபத்திற்குப் பிறகு, அதற்குரிய முறையில் நன்றியிலிருந்து தொடங்கிச் செய்கிறேன். பாவ நினைவு இரவெல்லாம் விடாமல் துன்புறுத்தும் மனம் உடையவர் அதை நோட்டில் எழுதாமல் ஒப்புரவு அருளடையாளத்திற்குக் கொண்டுபோவதே நல்லது.

இரண்டு வாரங்களில் பதினொரு மணிக்கு முன்பே உறங்கிய இரவுகள் பல. எல்லா இரவும் அல்ல. இருபது நிமிடம் போலத் தோன்றியும் உறக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே போராடாமல் எழுந்துவந்து, மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது திரும்பிச் செல்ல வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. அப்போதும் நோட்டைத் திறக்கக் கூடாது. மணியும் பார்க்கக் கூடாது. ஆலயக் கடிகாரத்தை நான் என்ன செய்வது என்றேன். "பஞ்சு வையுங்கள் சார்" என்றார்.

வாரத்திற்கு மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதம் நீடித்த தூக்கமின்மைக்கு இந்த ஒரு பக்கம் மட்டும் போதாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. படுக்கை நேரத்தை ஒழுங்குபடுத்துவது, தூக்கத்தைப் பற்றிய அச்சங்களைத் திருத்துவது எல்லாம் சேர்ந்த முழுமையான பயிற்சி ஒன்று உண்டு. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி மாத்திரைக்கு முன்னதாக அதையே முதலில் தரும்படி பரிந்துரைத்தது. எட்டு வாரம் அவரிடம் சென்று அதைச் செய்தேன். நோட்டு அதன் ஒரு பகுதி.

இனி, பின்னர் சொல்கிறேன் என்றது. மூன்றாவது வாரம் அருட்சகோதரி என் நோட்டைப் புரட்டியபடி, "சார், இந்த வரி பதினொரு நாளாக வருகிறது. வலப்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறதே" என்றார். அந்த வரி: அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அம்மா என் தங்கையின் வீட்டில் இருந்தார்கள், நாற்பது கிலோமீட்டர் தொலைவில். அப்பாவின் வீட்டை விற்ற பணத்தைப் பற்றி எனக்கும் தங்கைக்கும் 2018-ல் சொல் தடித்தது. நான் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இங்கே எழுத இயலாது. அதன்பின் அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. அம்மாவுக்கு நினைவு மங்கிவருகிறது என்று உறவினர் வழியாகக் கேள்விப்பட்டதிலிருந்துதான் என் தூக்கம் போனது. இதை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை, மகனின் சம்பளத்தையும் பந்தல் ரசீதையும் அதன்மேல் அடுக்கி வைத்திருந்தேன். அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்தபோது இது மட்டும் பக்கத்தில் தனியே நின்றது.

"தங்கையிடம் மன்னிப்புக் கேட்பது என்று எழுதட்டுமா?" என்றேன்.

"அது உங்களால் நாளை மாலை செய்யக்கூடியதா?"

"இல்லை."

"அப்படியானால் அது அடுத்த செயல் இல்லை சார். அதற்கு முன்னால் என்ன?"

தங்கையின் தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை, கோபத்தில் அழித்துவிட்டிருந்தேன். சென்னையில் படிக்கும் அவள் மகளின் எண் என் மகளிடம் இருந்தது. அன்றிரவு வலப்பக்கம் எழுதினேன்: நாளை காலை, தங்கை மகளின் எண்ணை வாங்குவது. அடுத்த நாள்: அவளை அழைத்து, பாட்டி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது. அதற்கடுத்த நாள்: அம்மாவின் எண்ணைக் கேட்பது. இப்படி ஐந்து பக்கங்கள் ஆயின. எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றலாம், எனக்கும் தோன்றிற்று. ஆனால் நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய செயலாகப் பார்த்து அஞ்சி நின்றவன், ஐந்து சிறு செயல்களாக அதைக் கடந்தேன்.

ஆறாம் நாள் மாலை அழைத்தேன். தங்கைதான் எடுத்தாள். நான் என் பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் ஓசையே இல்லை.

"அண்ணே" என்றாள். பிறகு, "அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்களேன்" என்றாள்.

அன்றிரவும் எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். எட்டேகாலுக்கு எழுதியும், மேசையிலேயே நோட்டை மூடியும் வரவில்லை. ஞாயிறன்று போனேன். அம்மா என்னை என் அப்பா என்று எண்ணிக்கொண்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்கள். தங்கை சிரித்தாள்; பிறகு இருவரும் சமையலறைப் பக்கம் சென்று அழுதோம். நான் கேட்கவேண்டியதை அங்குதான் கேட்டேன்.

நோட்டுகள் இப்போது ஒன்பது ஆகிவிட்டன. நேற்றைய பக்கத்தில் இரண்டே வரிகள்: அம்மாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்குமோ? அதற்கு நேராக: செவ்வாய் மாலை, பேருந்தில் ஏறுமுன் இரண்டு குப்பி வாங்குவது.